மூன்றாவது பத்தி ஏன் மெலிகிறது?

ஒரு புடவைக்கடையின் செயலியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட் கைப்பேசியில் அதைத் திறந்தால் பட்டும் பருத்தியுமாகப் புடவைப் படங்கள் வரிசைக்கு மூன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விரலால் தள்ளத் தள்ள அடுத்தடுத்த வரிசைகள் மேலேறி வருகின்றன. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கண்ணை ஏதோ உறுத்துகிறது. உற்றுப் பார்த்தால் வலது ஓரத்துப் பத்தியில் இருக்கும் படங்கள் மட்டும் மற்ற இரண்டு பத்திகளில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கின்றன.

இது படத்தில் உள்ள கோளாறு கிடையாது. படங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியைக் கணக்கிட்ட விதத்தில்தான் பிழை. ஆண்ட்ராய்ட் செயலி எழுதுகிற ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்.கே.ஜி. கணக்கு போலத் தோன்றும். உள்ளே போனால், ஒரு பட்டியல் திரையில் எப்படி உருவாகிறது என்பதையே புரிந்துகொண்டால்தான் தீரும்.

முதலில் அந்தப் பட்டியல் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். கடையில் ஆயிரம் புடவைகள் இருந்தாலும், திரையில் ஒரே சமயத்தில் தெரிவது பத்துப் பதினைந்துதான். ஆயிரம் கட்டங்களையும் உருவாக்கி வைத்தால் கைப்பேசியின் நினைவகம் திணறும். ஆகவே திரைக்கு வேண்டிய அளவு கட்டங்களை மட்டும் செய்துகொண்டு, மேலே போய் மறைகிற கட்டத்தையே எடுத்து, புதுப் புடவையின் படத்தையும் விலையையும் அதில் நிரப்பி, கீழே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இந்த வேலையைச் செய்யும் உறுப்புக்கு `RecyclerView` என்று பெயர். கூகுள் இதை 2014-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எல்லோரும் பயன்படுத்தியது `ListView`. அதில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை `dividerHeight` என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். புதிய உறுப்பில் அந்த வசதி இல்லை. இடைவெளியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வரிசை, கட்டம், உயரம் மாறும் அடுக்கு என்று பல வடிவங்களை ஒரே உறுப்பு தாங்க வேண்டியிருப்பதால், அந்த முடிவில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

புதிதாக வருபவர் முதலில் செய்வது, ஒவ்வொரு கட்டத்தின் நான்கு பக்கமும் மார்ஜின் விடுவது. மார்ஜின் என்பது கட்டத்துக்கு வெளியே விடும் வெற்றிடம். அதை 8 டிபி என்று வைப்பதாகக் கொள்வோம். டிபி என்பது திரைக்குத் திரை மாறாத ஓர் அளவு. ஓர் அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் ஒரு டிபி ஒரு பிக்சலுக்குச் சமம். 480 பிக்சல் உள்ள திரையில் மூன்று பிக்சலுக்குச் சமம். எந்தக் கைப்பேசியில் பார்த்தாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இப்படி 8 டிபி மார்ஜின் விட்டால் என்ன ஆகும்? முதல் கட்டத்தின் வலப்பக்கம் 8, இரண்டாம் கட்டத்தின் இடப்பக்கம் 8, இரண்டும் சேர்ந்து நடுவே 16. திரையின் ஓரத்தில் மட்டும் 8. இணையப் பக்கங்களில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு பத்திகளின் மார்ஜின்கள் பல நேரங்களில் ஒன்றோடொன்று கலந்து, இரண்டில் பெரியது மட்டும் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டில் மார்ஜின்கள் கலப்பதில்லை, கூடிக்கொண்டே போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மார்ஜினைக் கட்டத்தின் வடிவமைப்புக்குள்ளேயே எழுதிவிட்டால், அதே புடவைக் கட்டத்தை வேறொரு பக்கத்தில், உதாரணமாக விருப்பப் பட்டியலில், பயன்படுத்தும்போது அந்த 8 டிபியும் கூடவே வந்து தொல்லை தரும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெளியை அந்த இரண்டில் ஒன்றின் சொத்தாக எழுதி வைப்பது முறையாகாது. அந்த வெளி பட்டியலுக்கு உரியது.

இதற்காகத்தான் `ItemDecoration` இருக்கிறது. பட்டியலோடு தனியாகச் சேர்க்கும் சிறு துண்டு நிரல் அது. கட்டத்தை இடத்தில் வைப்பதற்கு முன்பு பட்டியல் அதனிடம், ‘இந்தக் கட்டத்துக்கு நாலு பக்கமும் எவ்வளவு ஒதுக்கட்டும்?’ என்று கேட்கிறது. `getItemOffsets` என்ற செயல்கூறில் இடம், மேல், வலம், கீழ் என நான்கு எண்களை எழுதி நாம் பதில் சொல்கிறோம். கட்டத்தின் வடிவமைப்பை யாரும் தொடுவதில்லை. பிரிகோடு வரையவும் இதிலேயே வழி உண்டு. அந்தப் பேச்சு இன்று வேண்டாம்.

மெலிந்த பத்தி இங்கேதான் பிறக்கிறது. பலரும் எழுதும் பதில் இதுதான்: எல்லாக் கட்டத்துக்கும் இடப்பக்கம் 12 டிபி விடு, கடைசிப் பத்திக்கு மட்டும் வலப்பக்கமும் 12 விடு. கேட்கும்போது குறையே தெரியாது. இடது ஓரத்தில் 12, நடுவில் இரண்டு இடத்திலும் 12, வலது ஓரத்தில் 12. இடைவெளி எல்லாம் சரியாகவே வருகிறது. ஆனால் படங்களின் அகலம் தவறிவிடுகிறது.

காரணம், கட்ட அடுக்கைச் செய்யும் `GridLayoutManager` திரையை முதலில் சமமாகப் பிரித்துவிடுகிறது. ஒரு நிலத்தை மூன்று சம மனைகளாக அளந்து கல் நட்டுவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தை அவரவர் மனைக்குள்தான் விட வேண்டும்; பக்கத்து மனையிலிருந்து ஓர் அடி வாங்க முடியாது. 360 டிபி அகலத் திரையில் ஒவ்வொரு மனைக்கும் 120. முதல் பத்தி 12 விடுகிறது, படத்துக்கு மிச்சம் 108. இரண்டாவதற்கும் 108. மூன்றாவது இரண்டு பக்கமும் 12 விட வேண்டியிருப்பதால் அதற்கு மிச்சம் 96 மட்டுமே. சதுரப் படமாக இருந்தால் அகலத்தோடு உயரமும் குறைந்து வரிசையே கோணலாகிவிடும்.

சரியான கணக்கு மொத்தத்திலிருந்து தொடங்குகிறது. மூன்று பத்திக்கு நான்கு இடைவெளி: 4 தடவை 12, ஆக 48. இந்த 48-ஐ மூன்று பத்திகளும் சமமாகச் சுமந்தால் ஆளுக்கு 16. அப்போது எல்லாப் படத்துக்கும் அகலம் 104. இனி அந்த 16-ஐ ஒவ்வொரு பத்தியும் இடமும் வலமுமாக எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. முதல் பத்தி ஓரத்துக்கு 12 கொடுத்தாக வேண்டும். வலப்பக்கம் 4 மிஞ்சும். நடுவே 12 வர வேண்டுமானால் இரண்டாம் பத்தி இடப்பக்கம் 8 கொடுக்க வேண்டும், வலப்பக்கம் 8. மூன்றாம் பத்தி இடப்பக்கம் 4, ஓரத்தில் 12. நாலும் எட்டும் பன்னிரண்டு, எட்டும் நாலும் பன்னிரண்டு. எந்த இடைவெளியையும் ஒரு கட்டம் தனியாகச் சுமப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```kotlin
class GridGap(private val gap: Int) : RecyclerView.ItemDecoration() {
    override fun getItemOffsets(
        outRect: Rect, view: View,
        parent: RecyclerView, state: RecyclerView.State
    ) {
        val n = (parent.layoutManager as GridLayoutManager).spanCount
        val lp = view.layoutParams as GridLayoutManager.LayoutParams
        outRect.left = gap - lp.spanIndex * gap / n
        outRect.right = (lp.spanIndex + lp.spanSize) * gap / n
        outRect.bottom = gap
    }
}
```

இதில் `gap` பிக்சலில் இருக்க வேண்டும். டிபியில் எழுதியதைப் பிக்சலாக்க `getDimensionPixelSize` இருக்கிறது. அது பின்னத்தை முழு எண்ணாக்கித் தரும். 12 என்ற எண்ணை அப்படியே உள்ளே போட்டுவிட்டால், அடர்த்தி அதிகமான திரையில் இடைவெளி மயிரிழைபோல் மெலிந்து தெரியும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, வகுத்தலில் மீதி வரும்போது அது நடந்துகொள்ளும் முறை. ஓர் அங்குலத்துக்கு 420 பிக்சல், அகலம் 1080 பிக்சல் கொண்ட திரையில் 12 டிபி என்பது 31.5 பிக்சல், முழு எண்ணாக்கினால் 32. அதை மூன்றால் வகுத்தால் மீதியில்லாமல் போகாது. முழு எண் கணக்கில் முதல் பத்திக்கு 32, 10. இரண்டாவதற்கு 22, 21. மூன்றாவதற்கு 11, 32. நடுவே கூட்டிப் பாருங்கள்: 10-ம் 22-ம் 32, 21-ம் 11-ம் 32. இடைவெளி பிக்சல் பிசகாமல் நிற்கிறது. ஒரு பத்தியின் வலப்பக்கத்தில் கூட்டும் அதே தொகையை அடுத்த பத்தியின் இடப்பக்கத்தில் கழிப்பதால், வகுத்தலில் எவ்வளவு சிந்தினாலும் இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. வித்தியாசம் படத்தின் அகலத்தில் போய்ச் சேர்கிறது: 318, 317, 317. முந்நூற்றுச் சொச்சம் பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு பிக்சலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கட்டம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதை அறிய, அதன் வரிசை எண்ணை மூன்றால் வகுத்து மீதியைப் பார்ப்பது பலர் வழக்கம். எல்லாக் கட்டமும் ஒரே அளவாக இருக்கும்வரை அது பலிக்கும். ‘காஞ்சிபுரம்’ என்று ஒரு தலைப்பு முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு நடுவே வந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாக் கட்டத்துக்கும் கணக்கு தப்பும். அதனால்தான் மேலே உள்ள நிரல் வகுத்துப் பார்க்காமல், அடுக்கிய உறுப்பிடமே `spanIndex` என்ன என்று கேட்கிறது. தலைப்பு பூஜ்யத்தில் தொடங்கி மூன்று பத்தியையும் பிடிப்பதால் இடமும் வலமும் தலா 12 கிடைத்து, கீழே உள்ள படங்களின் ஓரத்தோடு நேர்கோட்டில் நிற்கும்.

இத்தோடு முடிந்தது என்று தோன்றும். பல கட்டுரைகளும் பாடங்களும் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஆனால் செயலி வெளியாகி ஆட்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் அடுத்த சிக்கல் தலைகாட்டும், அதைப் பிடிப்பது கடினம்.

பட்டியலின் முதல் புடவை விற்றுவிட்டது, அதை நீக்குகிறோம். இரண்டாவது புடவை முதல் பத்திக்கு நகர்கிறது, மூன்றாவது இரண்டாம் பத்திக்கு. அடுத்த வரிசையில் முதலாக இருந்தது மேலேறி மூன்றாம் பத்திக்கு வருகிறது. நகர்வது அழகாகவே இருக்கும். ஆனால் `RecyclerView` ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை கேட்டு வாங்கிய ஒதுக்கீட்டை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டம் நீங்கியது என்று மட்டும் சொன்னால், நகர்ந்த மற்ற கட்டங்களில் புதுத் தகவல் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. ஆகவே அவற்றுக்காக மறுபடி கேட்பதும் இல்லை. எல்லாம் பழைய இடத்துக்கு வாங்கிய எண்களைச் சுமந்துகொண்டே புது இடத்துக்கு வருகின்றன. முதல் பத்தியில் இப்போது 8, 8. இரண்டாவதில் 4, 12. மூன்றாவதில் 12, 4. ஓரத்திலிருந்து படித்தால் இடைவெளிகள் 8, 12, 24, 4. படங்களின் அகலம் மட்டும் மாறாமல் 104.

இதுதான் அடையாளம். அகலம் ஒன்றாக இருந்து இடைவெளிகள் மட்டும் குலைந்திருந்தால், கணக்கில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய ஒதுக்கீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் கீழே தள்ளிவிட்டுத் திரும்ப மேலே வந்தால், கட்டங்கள் மறுபடி நிரப்பப்பட்டு எல்லாம் சரியாகிவிடும். ‘இடைவெளி கோணலாக வருகிறது’ என்று வாடிக்கையாளர் சொல்ல, ‘எனக்குச் சரியாகத்தானே தெரிகிறது’ என்று எழுதியவர் பதில் சொல்ல, இருவரும் உண்மையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மருந்து இருக்கிறது. பட்டியல் மாறிய பிறகு `invalidateItemDecorations()` என்று அழைத்தால், வாங்கி வைத்த எண்களை எல்லாம் உதறிவிட்டுப் புதிதாகக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறக்காமல் அழைக்க வேண்டும். பட்டியல் தன்னை அடுக்கிக்கொண்டிருக்கும் நடுவில் அழைத்தால் செயலி பிழை காட்டி நின்றுவிடும். கட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறவரை இந்த நோய்க்கு இடம் இருந்துகொண்டேதான் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கீழே கூடுதல் இடம் விடுவதும் இதே ரகம். புதிதாக ஒரு புடவை கீழே சேர்ந்ததும், முன்பு கடைசியாக இருந்தது அந்தக் கூடுதல் இடத்தை விடாமல் வைத்துக்கொண்டு நடுவே ஒரு பள்ளத்தை உண்டாக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது வேறு வழி. எல்லாக் கட்டத்துக்கும், அது எங்கே இருந்தாலும், நான்கு பக்கமும் இடைவெளியில் பாதியை மட்டும் கொடுங்கள். 12 வேண்டுமானால் 6:

```kotlin
outRect.set(half, half, half, half)
```

நடுவே ஆறும் ஆறும் சேர்ந்து 12 ஆகிவிடும். ஓரத்தில் மட்டும் 6 குறையும். அந்த 6-ஐக் கட்டங்களிடம் கேட்காமல் பட்டியலே தன் உள்விளிம்பாகக் கொடுக்கட்டும்:

```xml
android:padding="6dp"
android:clipToPadding="false"
```

360-இல் இரண்டு ஓரத்துக்கும் 12 போக 348. மூன்றால் வகுத்தால் 116. அதில் இடமும் வலமுமாக 12 போனால் 104. பழைய கணக்கு தந்த அதே அகலம். ஆனால் எந்தக் கட்டமும் தான் எந்தப் பத்தியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. ஒன்றை நீக்கினாலும் சேர்த்தாலும் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றேதான். உருது, அரபு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்குச் செயலியை மாற்றினால் முதல் பத்தி வலது ஓரத்துக்குப் போய்விடும். மேலே பார்த்த பங்கீட்டு நிரலில் அப்போது இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுத வேண்டும். இதில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் அந்தக் கவலையும் இல்லை. ஓரத்தில் 16, நடுவில் 8 என்று வடிவமைப்பாளர் கேட்டால், பாதி 4, உள்விளிம்பு 12. அவ்வளவுதான்.

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். உள்விளிம்பு விட்ட பட்டியல், அதற்குள் வரும் எதையும் வெட்டிவிடுவதுதான் இயல்பு. விரலால் தள்ளும்போது படங்கள் திரையின் மேல்விளிம்பைத் தொடுவதற்கு முன்பே, வெள்ளைப் பட்டை ஒன்றின் அடியில் புகுந்து மறைவதுபோல் தெரியும். `clipToPadding` என்பதை `false` ஆக்கினால் வெட்டாது. தொடக்கத்திலும் முடிவிலும் இடம் இருக்கும், நடுவே தள்ளும்போது படங்கள் விளிம்புவரை ஓடும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஓர இடைவெளி, நடு இடைவெளியில் பாதியைவிடக் குறைவாக இருக்க முடியாது. நடுவே மட்டும் இடம் விட்டு, ஓரத்தில் படம் திரையோடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் இது உதவாது. தீபாவளித் தள்ளுபடி விளம்பரப் படம் ஒன்று திரையின் முழு அகலத்தையும் பிடிக்க வேண்டுமென்றாலும் பட்டியலின் உள்விளிம்பு குறுக்கே நிற்கும். அங்கெல்லாம் முதலில் சொன்ன பங்கீட்டுக் கணக்குதான் கை கொடுக்கும். அதில் முழு அகலக் கட்டத்துக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். பட்டியல் மாறும்போதெல்லாம் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்கும் கடமையும் கூடவே வரும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

இடைவெளி எதிர்பார்த்ததைவிடச் சரியாக இரண்டு மடங்காகத் தெரிந்தால் காரணம் வேறு. `addItemDecoration` என்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று சேரும், பழையது போகாது, இரண்டின் ஒதுக்கீடும் கூட்டப்படும். வேறு பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் இடைவெளி அகன்றுகொண்டே போனால், திரை முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஓடும் இடத்தில் அந்த அழைப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். திரை உருவாகும்போது ஒரே தடவை ஓடும் இடத்துக்கு அதை மாற்றிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் வெறுங்கண்ணால் அளக்க வேண்டியதில்லை. கைப்பேசியின் டெவலப்பர் அமைப்புகளில் ஒவ்வொரு உறுப்பின் எல்லையையும் கோடிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அது `Show layout bounds` என்று இருக்கும். அதை இயக்கிவிட்டுத் திரையை ஒரு படம் பிடித்து, பெரிதாக்கி, இடது ஓரத்திலிருந்து பிக்சல்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். அகலங்கள் வேறுபட்டால் பங்கீட்டில் பிழை. அகலங்கள் ஒன்றாகவும் இடைவெளிகள் வேறாகவும் இருந்தால் பழைய ஒதுக்கீடு. எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி இரட்டிப்பாக இருந்தால் இரண்டு முறை சேர்த்திருக்கிறார்கள். படம் பிடிப்பதற்கு முன்பு ஒரு புடவையை நீக்கி, இன்னொன்றைச் சேர்த்துவிட்டு, பட்டியலைத் தள்ளாமல் அப்படியே படம் பிடிக்க வேண்டும்.